பீட்சாத் துண்டின் கலோரி: பழி சீஸுக்கு, கணக்கு அடி ரொட்டிக்கு

சனிக்கிழமை பின்னேரம் திருகோணமலையில் உப்புவெளிப் பக்கமோ ஓர்ஸ் ஹில் பக்கமோ எந்த வீட்டுப் படலையைப் பார்த்தாலும் டெலிவரி மோட்டார் சைக்கிள் ஒன்று நிற்கிறது. பெட்டி திறந்ததும் யாராவது ஒருவர் சீஸ் நூலாக இழுபடுவதைப் பார்த்துவிட்டு "இவ்வளவு சீஸா, எல்லாம் கொழுப்பு" என்று சொல்வார், இன்னொருவர் "ஒரு துண்டுதானே" என்று சமாதானம் சொல்வார். இரண்டு பேரும் கணக்குப் பார்த்துச் சொல்வதில்லை. ஒரு துண்டில் எத்தனை கலோரி என்று கைபேசியில் தேடினால் 180 என்று ஒரு இடத்தில் வரும், 300 என்று இன்னொரு இடத்தில் வரும், 400 என்றும் வரும். மூன்றும் சரியாக இருக்கலாம், ஏனென்றால் "துண்டு" என்பது ஒரு அளவே இல்லை.

முதலில் அதை முடித்துவிடுவோம். 9 அங்குல பீட்சா ஒன்றின் பரப்பு ஏறக்குறைய 410 சதுர சென்ரிமீற்றர். 12 அங்குலம் என்றால் 730. குறுக்களவில் மூன்று அங்குலம்தான் கூடியிருக்கிறது, ஆனால் சாப்பாடு முக்கால் பங்குக்கு மேல் கூடிவிட்டது. சிறியதை ஆறாகவும் பெரியதை எட்டாகவும் வெட்டுகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், பெரியதில் ஒரு துண்டு சிறியதன் துண்டைவிட மூன்றில் ஒரு பங்கு பெரியது. ஆகவே இணையத்தில் வேறு நாட்டுக் கடையின் "மீடியம் துண்டு" என்று போட்டிருக்கும் எண்ணை எடுத்து இங்கே வாங்கியதற்கு ஒட்டவைக்கக்கூடாது. அமெரிக்கச் சங்கிலிக் கடைகளில் மீடியம் என்றால் பொதுவாக 12 அங்குலம். நீங்கள் வாங்கிய மீடியம் எத்தனை அங்குலம் என்பதைப் பிள்ளைகளின் அடிமட்டத்தை வைத்து அளந்தால் தெரிந்துவிடும், அரை நிமிட வேலை.

சரி, கலோரி எங்கிருந்து வருகிறது? உணவு விஷயத்தில் நாம் கலோரி என்று சொல்வது கிலோகலோரியைத்தான், பக்கெட்டில் kcal என்று அச்சடித்திருப்பது அதுவே. மாச்சத்து ஒரு கிராமுக்கு 4, புரதம் ஒரு கிராமுக்கு 4, கொழுப்பு ஒரு கிராமுக்கு 9. இந்த எண்களுக்கு அடித்தளம் போட்டவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேலை செய்த வில்பர் அட்வாட்டர் என்ற அமெரிக்க வேதியியலாளர், இன்றைக்கும் லேபிள் கணக்குகள் பெரும்பாலும் இவற்றை வைத்தே நடக்கின்றன. தண்ணீருக்கு ஒன்றும் இல்லை. இந்தக் கடைசி விஷயத்தைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள், அதனால் வரும் குழப்பத்தைப் பர்கருக்கு வரும்போது பார்ப்போம்.

சங்கிலிக் கடையின் குசினிக்குள் போய் நிறுத்துப் பார்க்க நம்மை விடமாட்டார்கள். ஆனால் அதே அளவில் ஒரு 9 அங்குலக் கோழிப் பான் பீட்சாவை வீட்டில் செய்தால் ஒவ்வொரு பொருளையும் டிஜிட்டல் தராசில் வைத்துவிட்டுத்தான் சேர்ப்போம், அப்போது கணக்கு கையில் இருக்கும். கீழே போடுவது அப்படியான ஒரு கணக்கு. கடையின் இரகசிய அளவு என்று நினைக்கவேண்டாம், ஆனால் பான் வகைக்கு இது நியாயமான அளவு.

அடி ரொட்டிக்கு 140 கிராம் கோதுமை மா. 100 கிராம் மாவில் 364 கலோரி, ஆகவே இதில் 510. குழைக்கும்போது சேர்க்கும் சீனி 5 கிராம், எண்ணெய் 5 கிராம், இரண்டும் சேர்ந்து 65. தண்ணீர் 80 கிராம், அதற்குப் பூச்சியம். இனி மாவை வைக்கும் தட்டு. பான் வகைக்குத் தட்டின் அடியில் எண்ணெய் ஊற்றி அதன்மேல்தான் மாவை விரிப்பார்கள், 9 அங்குலத் தட்டுக்கு 20 கிராம் என்று வையுங்கள், அது 180 கலோரி. வெந்து முடிந்ததும் தட்டில் அநேகமாக எண்ணெய் மிச்சம் இருக்காது, ரொட்டி குடித்துவிடும். மேலே மொஸரெல்லா சீஸ் 90 கிராம், 100 கிராமுக்கு 300 வீதம் 270 கலோரி. தக்காளி சோஸ் 50 கிராமுக்கு 25. சமைத்த கோழி 60 கிராமுக்கு 90. எல்லாம் கூட்டினால் 1140 கலோரி. ஆறாக வெட்டினால் துண்டுக்கு 190.

இப்போது அந்த 1140-ஐப் பிரித்துப் பாருங்கள். மா, சீனி, எண்ணெய் எல்லாம் சேர்ந்த அடி ரொட்டியின் பங்கு 755. அதாவது மூன்றில் இரண்டு பங்கு. எல்லோரும் விரல் நீட்டும் சீஸின் பங்கு நாலில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. கோழியும் சோஸும் பேருக்குத்தான்.

பீட்சாக் கடை ஒன்றில் முன்பு வேலை செய்த தம்பி ஒருவரிடம் தட்டு எண்ணெயைப் பற்றிக் கேட்டேன். "அண்ணை, தட்டுக்கு எண்ணெய் ஊத்தாட்டி அடி மொறுமொறெண்டு வராது, வெறும் பாண் மாதிரித்தான் இருக்கும்" என்றார். அவர் சொன்னது சரி. பான் பீட்சாவின் அடி சுடப்படுவதோடு நிற்பதில்லை, பாதி பொரிக்கவும் படுகிறது. துண்டைத் திருப்பிப் பார்த்தால் தெரியும்: அடி ஒரே சீரான பொன்னிறமாக, விரலில் ஒட்டும் பளபளப்போடு இருக்கும். எண்ணெயில்லாமல் கல்லிலோ கம்பி வலையிலோ சுட்டதன் அடியில் மாத்தூள் ஒட்டியிருக்கும், ஆங்காங்கே கறுத்த புள்ளிகள் இருக்கும், தொட்டால் காய்ந்திருக்கும். பெட்டியின் அட்டையும் சாட்சி சொல்லும். பான் வகை இருந்த இடத்தில் அட்டை ஊறி, வெளிச்சத்துக்குப் பிடித்தால் ஒளி ஊடுருவும் வட்டம் ஒன்று தெரியும்.

இந்த எண்ணெய் துண்டுக்கு 30 கலோரி. அதே பீட்சாவுக்கு நீங்கள் காசு கொடுத்து "எக்ஸ்ட்ரா சீஸ்" போடச் சொல்கிறீர்கள், 90 கிராம் இருந்த இடத்தில் இன்னும் பாதியாக 45 கிராம் கூடப் போடுகிறார்கள் என்று வையுங்கள், கூடுவது மொத்தத்தில் 135 கலோரி, துண்டுக்கு 22 அல்லது 23. கண்ணுக்குத் தெரிகிற மேலதிக சீஸைவிடக் கண்ணுக்குத் தெரியாத தட்டு எண்ணெய் கூடுதல். எனக்கு இதில் கொஞ்சம் சிரிப்பும் வரும், ஏனென்றால் எக்ஸ்ட்ரா சீஸ் வேண்டாம் என்று கவனமாகச் சொல்லிவிட்டுப் பான் பீட்சாவை எடுக்கிறவர்கள்தான் நம்மில் அதிகம்.

மெல்லிய ரொட்டி வகையை எடுத்தால் என்ன ஆகும்? அதே 9 அங்குலத்துக்கு மா 90 கிராம் போதும், அது 328. குழைக்கும்போது கொஞ்சம் எண்ணெய், 25 என்று வைப்போம். தட்டு எண்ணெய் இல்லை. சீஸ், சோஸ், கோழி எல்லாம் முன்போலவே, ஒரு கிராமும் குறைக்கவில்லை. கூட்டினால் 738, துண்டுக்கு 123. சீஸைத் தொடாமலே துண்டுக்கு 67 கலோரி போய்விட்டது. இதே 67-ஐச் சீஸில் குறைக்கப் போனால் 90 கிராம் சீஸை முழுவதுமாக எடுத்தாலும் கிடைக்காது, ஏனென்றால் துண்டுக்குச் சீஸின் பங்கே 45தான். சீஸ் இல்லாத பீட்சாவை யார் சாப்பிடுவது என்பது வேறு கதை.

விளிம்பைச் சாப்பிடாமல் வைத்துவிடுகிறவர்கள் உண்டு, பிள்ளைகள் பெரும்பாலும் அப்படித்தான். 9 அங்குல வட்டத்தில் இரண்டு சென்ரிமீற்றர் விளிம்பு என்பது பரப்பில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. நம்ப முடியாமல் இருக்கும், ஆனால் வட்டத்தின் வெளிப்பக்கத்தில்தான் இடம் அதிகம். அடி ரொட்டியில் மூன்றில் ஒன்றை விட்டால் துண்டுக்கு ஏறக்குறைய 40 கலோரி பெட்டியோடு போகிறது. விளிம்புக்குள் சீஸ் அடைத்த வகையில் இந்த வழியும் அடைபட்டுவிடும்: உள்ளே 75 கிராம் சீஸ் போனால் துண்டுக்கு இன்னும் 38 கூடும், விளிம்பை யாரும் மிச்சம் வைக்கவும் மாட்டார்கள்.

இனிப் பர்கர். இதிலும் மேலே ஒரு பாதி கீழே ஒரு பாதி பணிஸ், நடுவில் பேட்டி, சீஸ், சோஸ் என்று பகுதி பகுதியாகவே பார்க்கலாம், ஆனால் பழி போய்ச் சேரும் இடம் மாறும்.

உலகத்தில் மிக எளிமையான பர்கர் கணக்கு மக்டொனால்ட்ஸ் அமெரிக்காவில் வெளியிட்டிருப்பது. சாதாரண ஹாம்பர்கர் 250 கலோரி, சீஸ்பர்கர் 300. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு சீஸ் தாள், ஆகவே அந்தத் தாள் 50 கலோரி. 250-இல் பணிஸ் ஏறக்குறைய 150, மாட்டிறைச்சிப் பேட்டி 90, மீதி கெச்சப்பும் வெங்காயமும். ஆக, சின்னப் பர்கரில் இறைச்சியைவிடப் பணிஸ் பெரிய ஆள்.

அந்தப் பேட்டியில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. ஒரு இறாத்தல் இறைச்சிக்குப் பத்துப் பேட்டி, அதாவது பச்சையாக 45 கிராம். ஐந்தில் ஒரு பங்கு கொழுப்புள்ள அரைத்த மாட்டிறைச்சி பச்சையாக 100 கிராமுக்கு 254 கலோரி, ஆகவே 45 கிராமுக்கு 114 வரவேண்டும். ஆனால் வெந்தபின் 90. மிச்சம் எங்கே போனது? சூடான இரும்புத் தட்டில் கொழுப்பாக உருகி ஓடிவிட்டது. இறைச்சி வேகும்போது தண்ணீரும் கொழுப்பும் போய் நிறை நாலில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. தண்ணீர் போனால் கலோரி போவதில்லை, கொழுப்பு போனால் போகும்.

பலர் சறுக்குவது இந்த இடத்தில். வெந்த இறைச்சிக்கு 100 கிராமுக்கு 270 என்று அட்டவணையில் இருக்கும், தண்ணீர் குறைந்து இறுகியதால் எண் பச்சையைவிடக் கூடுதல். கடை விளம்பரத்தில் 113 கிராம் பேட்டி என்று போட்டிருந்தால் அது பச்சை நிறை. இரண்டையும் பெருக்கினால் 305 வரும். உண்மையில் அது வெந்து 80 கிராம் ஆகிவிடும், கலோரி 220 பக்கம்தான். ஒரே பேட்டியில் 85 கலோரி காற்றில் எழுதிவிட்டோம். பச்சைக்குப் பச்சை எண், வெந்ததற்கு வெந்த எண், இதைக் கலக்கக்கூடாது. பீட்சாவிலும் அப்படியே: குழைத்த மாவின் நிறையைச் சுட்ட ரொட்டியின் எண்ணோடு பெருக்கினால் வராத கலோரி வரும்.

ஆனால் திருகோணமலையில் நாம் வாங்குவது பெரும்பாலும் கோழிப் பர்கர். மாட்டிறைச்சி சாப்பிடாத வீடுகள் நிறைய, கடைக்காரருக்கும் கோழி விற்பது சுலபம். கோழிதானே, இலேசானது என்று ஒரு நினைப்பும் இருக்கிறது. தோல் நீக்கிய நெஞ்சு இறைச்சி பச்சையாக 100 கிராம் என்றால் 120 கலோரிதான், நினைப்பு அதுவரை சரி. அப்புறம் அதை மாவிலும் ரஸ்க் தூளிலும் புரட்டுகிறார்கள், ஒட்டிக்கொள்வது 22 கிராம் என்றால் 80 கலோரி. பிறகு எண்ணெயில் முக்கிப் பொரிக்கிறார்கள். வெளியே வரும் தண்ணீரின் இடத்தை எண்ணெய் பிடிக்கும், 10 கிராம் உள்ளே போனாலும் 90 கலோரி. மொத்தம் 290. அதாவது கோழியின் சொந்தக் கலோரியைவிட அதன்மேல் போர்த்திய சட்டையின் கலோரி கூடுதல். எண்ணெய் போதிய சூடில்லாமல் இருந்தால், அல்லது ஒரே தடவையில் நிறையத் துண்டுகளைப் போட்டு எண்ணெயைக் குளிரவைத்துவிட்டால், ஊறுவது இன்னும் கூடும். கடித்தவுடன் மேலோடு நறுக்கென்று உடையாமல் நசிந்து, உதட்டில் எண்ணெய் படிந்தால் அது அப்படிப் பொரிந்தது என்று புரிந்துகொள்ளலாம்.

இதை வைத்து ஒரு முழுப் பர்கர் போட்டுப் பார்ப்போம். பணிஸ் 65 கிராம், 175 கலோரி. பொரித்த கோழி 290. சீஸ் தாள் 20 கிராம், 60. சலாது இலை, தக்காளி, ஒரு 5 என்று வையுங்கள். இதுவரை 530. பிறகு மயோனைஸ். முழுக் கொழுப்பு மயோனைஸ் 100 கிராமுக்கு 680 கலோரி, ஏனென்றால் அதில் முக்கால் பங்கு எண்ணெய்தான். சாப்பாட்டுக் கரண்டியால் இரண்டு கரண்டி, 30 கிராம், 200 கலோரி. பர்கர் 730-இல் வந்து நிற்கிறது. மயோனைஸ் பணிஸைத் தாண்டிவிட்டது, சீஸைப் போல மூன்று மடங்குக்கும் மேல். இரண்டு கரண்டி அதிகமில்லையா என்று கேட்பீர்கள். சில கடைகளில் பிளாஸ்டிக் போத்தலைக் கவிழ்த்து மேல் பணிஸில் ஒரு சுற்று, கீழ்ப் பணிஸில் ஒரு சுற்று, பிறகு இலையின்மேல் ஒரு கோடு என்று போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது 30 கிராமை எளிதில் எட்டும். மலிவான மயோனைஸில் எண்ணெயைக் குறைத்துத் தண்ணீரும் மாப்பொருளும் சேர்த்திருப்பார்கள், அதில் கலோரி பாதிக்கும் குறையலாம். ஆகவே வீட்டுப் போத்தலில் இருப்பது எது என்று லேபிளைப் பார்த்துவிட்டுத்தான் கணக்கில் சேர்க்கவேண்டும்.

வாங்கிய பர்கரை வீட்டில் நிறுக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி. தராசில் தட்டை வைத்துப் பூச்சியமாக்கிவிட்டுப் பர்கரை முழுதாக வையுங்கள். பிறகு மேல் பணிஸை எடுத்து, சோஸை வெண்ணெய்க் கத்தியால் வழித்து ஒரு சின்னக் கிண்ணத்தில் போடுங்கள், கீழ்ப் பக்கத்துக்கும் அப்படியே. கிண்ணத்தைத் தனியாக நிறுத்தால் சோஸ் எவ்வளவு என்பது கிட்டத்தட்டக் கிடைக்கும், பணிஸ் உறிஞ்சியது மட்டும் தப்பிவிடும். ஒரு கிராம் பிசகினால் கோழியில் 3 கலோரி பிசகும், மயோனைஸில் 7. அதனால் கவனம் சோஸில் இருக்கட்டும், சலாது இலையை நிறுத்து நேரத்தை வீணாக்கவேண்டாம்.

கடைகளே எண்ணைப் போட்டால் இந்தப் பாடு எதற்கு என்று தோன்றும். அமெரிக்காவில் 20 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள சங்கிலிக் கடைகள் 2018 மே மாதத்திலிருந்து விலைப்பட்டியலிலேயே கலோரி போடவேண்டும். இங்கிலாந்தில் 2022 ஏப்ரலிலிருந்து பெரிய நிறுவனங்களுக்கு அந்தச் சட்டம் வந்தது. இலங்கையில் பக்கெட் உணவுகளில் சீனி, உப்பு, கொழுப்புக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டங்களைப் பார்க்கிறோம், ஆனால் அவை கலோரியைச் சொல்வதில்லை, சுடச்சுடப் பெட்டியில் வரும் பீட்சாவிலும் அந்த வட்டங்கள் இல்லை.

எண் போட்டிருந்தாலும் அது கடவுள் வாக்கு இல்லை. 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வந்த ஆய்வு ஒன்றில் 42 உணவகங்களின் 269 உணவுகளை ஆய்வுகூடத்தில் அளந்தார்கள். சராசரியாகப் பார்த்தால் போட்ட எண்கள் சரி. ஆனால் தனித்தனியாகப் பார்த்தால் 19 சதவீத உணவுகளில் சொன்னதைவிடக் குறைந்தது 100 கலோரி கூட இருந்தது. துரித உணவுக் கடைகளைவிட உட்கார்ந்து சாப்பிடும் உணவகங்களில்தான் ஏற்றத்தாழ்வு அதிகம், அதற்குக் காரணம் புரியக்கூடியதே: சங்கிலிக் கடையில் மாவுருண்டையும் பேட்டியும் நிறுத்து வருகின்றன, மற்ற இடங்களில் கை போனபடி போகிறது. சங்கிலிக் கடையிலும் கை புகும் இடங்கள் சீஸ் தூவுவதும் சோஸ் பிழிவதும்.

ஆகவே மேலே போட்ட 190 என்ற எண்ணை 150க்கும் 230க்கும் இடையில் எங்கோ இருப்பதாக எடுத்துக்கொள்ளுங்கள், பர்கரின் 730-ஐ 600க்கும் 850க்கும் இடையில். ஓடர் பண்ணும்போது எதை மாற்றினால் எண் உண்மையில் அசையும் என்று கேட்டால், பீட்சாவில் ரொட்டி வகையை மாற்றுங்கள், பர்கரில் மயோனைஸைத் தனிக் கிண்ணத்தில் தரச் சொல்லுங்கள். சீஸ் தாளை எடுக்கச் சொன்னால் 60 கலோரிதான் குறையும், வாய்க்கும் நட்டம்.